17ஆம் நம்பர் பில்: ஷீட்டா, சாஃப்ட்வேரா?

"வணக்கங்க, பில் 17க்கு 6,400 போட்டுட்டேன். வந்துடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து இப்படி ஒரு செய்தி வந்தது. பணம் வந்திருந்தது. வரவு எழுதலாம் என்று ஷீட்டைத் திறந்தால், 17ஆம் நம்பரில் வேறொருவர் பெயர் இருக்கிறது, தொகை 2,150. இவர் பெயர் ஒரு வரி மேலே, 16இல் இருக்கிறது. அதிலும் தொகை 6,400 இல்லை, 7,200. அவருக்கு அனுப்பிய பிடிஎஃபை எடுத்துப் பார்த்தேன். அதில் நம்பர் 17, தொகை 6,400 என்று தெளிவாகவே இருக்கிறது. அவர் சொன்னது சரி, என் ஷீட்தான் தப்பு.

நான் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். மொத்தம் ஏழு வாடிக்கையாளர்கள். மாதத்துக்கு எட்டு, ஒன்பது பில் போனால் அதிகம். இதற்கு எதற்குத் தனியாக ஒரு சாஃப்ட்வேர் என்று ஒரே ஒரு எக்செல் ஷீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தி வந்த நாளில்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தோன்றியது. அடுத்த சில வாரங்களில் செய்து பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நம்பர் எப்படி நகர்ந்தது என்று தேடினேன். நம்பரைக் கையால் அடிக்கச் சோம்பல்பட்டு, ஆரம்பத்தில் முதல் பத்தியில் இந்த ஃபார்முலாவைப் போட்டிருந்தேன்:

```
=ROW()-1
```

முதல் வரி தலைப்பு. அதனால் இரண்டாவது வரி பில் 1, மூன்றாவது வரி பில் 2 என்று தானாக ஓடும். போட்ட அன்று புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. நடுவில் பில் 14க்கான வேலை கைவிடப்பட்டது, பில்லும் அனுப்பவில்லை. அந்த வரியை அப்படியே அழித்துவிட்டேன். அழித்த நொடியில் 15 என்பது 14 ஆனது, 17 என்பது 16 ஆனது, 18 என்பது 17 ஆனது. பிடிஎஃப்கள் மட்டும் பழைய நம்பரோடு வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. இதைவிட மோசம், அதற்குப் பிறகு நான் போட்ட பில்லும் 18 என்றே போயிருந்தது. இரண்டு பேர் கையில் 18ஆம் நம்பர் பில். இரண்டாமவரிடம் விஷயத்தைச் சொல்லி 19 என்று திருத்தி அனுப்பினேன். "நான் ஏற்கெனவே கணக்குல ஏத்திட்டேனே" என்று அவர் சலித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது.

அடுத்தது தொகை. 160 பக்கம், பக்கத்துக்கு 40. அதுதான் 6,400. பில் போன பிறகு விலையை 45 ஆக்கினேன். வாடிக்கையாளர் பட்டியலில் அந்த ஒரு எண்ணைத்தான் மாற்றினேன். ஆனால் ஒவ்வொரு பில்லும் விலையை அந்தப் பட்டியலிலிருந்து `VLOOKUP` வழியாக எடுத்துக்கொண்டிருந்ததால், ஏற்கெனவே போன பில்லெல்லாம் புது விலையில் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டன. 160 பெருக்கல் 45, ஆக 7,200. வரவை மட்டும் கவனிக்காமல் எழுதியிருந்தால், அவர் பெயரில் 800 பாக்கி என்று காட்டியிருக்கும். நானும் நினைவூட்டல் அனுப்பியிருப்பேன். முழுப் பணத்தையும் கட்டியவரிடம் போய் 800 கேட்பதை நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றுதான். அனுப்பிய பில் என்பது நடந்து முடிந்த ஒரு விஷயம். அது மாறக் கூடாது. ஷீட்டில் ஃபார்முலா போட்ட கட்டம் எதுவும் முடிந்த விஷயமாக நிற்பதில்லை, சுற்றியிருப்பது மாறினால் அதுவும் மாறும். வேலைக்கு முன் மதிப்பீடு போடும்போது இது வரம், பில் போன பிறகு இதுவே வினை.

பில் சாஃப்ட்வேர்கள் அடிப்படையில் செய்கிற முக்கியமான வேலையும் இதுதான். வரைவாக இருக்கும் வரை என்ன வேண்டுமானாலும் மாற்றலாம். அனுப்பியதாகக் குறித்ததும் நம்பரும் விலையும் தொகையும் அந்த பில்லோடு நகலாக ஒட்டிக்கொள்ளும். பிறகு விலைப்பட்டியலை மாற்றினால் பழைய பில் அசையாது. அழிக்கப் போனால் பெரும்பாலும் தடுக்கும், அல்லது ரத்து என்று குறித்து நம்பரை அப்படியே வைத்திருக்கும். வண்ண வண்ண வடிவங்கள், வரைபடங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் என் கேள்வி இவ்வளவுதான்: இந்த உறைய வைக்கிற வேலையை ஷீட்டிலேயே செய்ய முடியுமா, செய்தால் அது நிலைக்குமா?

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஃபைலைப் புதிதாகப் பிரித்துக் கட்டினேன். இப்போது அதில் நான்கு ஷீட். `Cust` என்பதில் வாடிக்கையாளர் விவரம். `Bills` என்பதில் பில்லுக்கு ஒரு வரி. `Lines` என்பதில் பில்லுக்குள் வரும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. `Pay` என்பதில் வந்த பணம். இதற்கு முன் ஒரு பில்லில் மூன்று வேலை இருந்தால் மூன்றையும் பக்கவாட்டில் நீட்டி எழுதிக்கொண்டிருந்தேன். நான்காவது வேலை வந்தால் பத்தி போதாது. கீழ்நோக்கி எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

`Lines` ஷீட்டில் பத்திகள் வரிசையாக பில் நம்பர், வேலை, அளவு, விலை, தொகை. நம்பரும் விலையும் கையால் அடிப்பவை. ஃபார்முலா இருப்பது தொகையில் மட்டும்:

```
=ROUND(C2*D2,2)
```

ரவுண்ட் எதற்கு என்று தோன்றலாம். திருத்த வேலைக்கு மணிக்கு 500 வாங்குகிறேன். ஒரு பில்லில் 20 நிமிட வேலை மூன்று இருந்தால் ஒவ்வொன்றும் 166.67 என்று அச்சாகும். மூன்றையும் கையால் கூட்டினால் 500.01. ஆனால் ரவுண்ட் போடாத ஷீட் உள்ளே முழு எண்ணை வைத்துக்கொண்டு கூட்டி 500.00 என்று காட்டும். ஒரு பைசாதானே என்று நமக்குத் தோன்றும். வாடிக்கையாளரின் கணக்காளருக்கு அப்படித் தோன்றாது. கண்ணுக்குத் தெரிகிற எண்களைக் கூட்டினால் கண்ணுக்குத் தெரிகிற மொத்தம் வரவேண்டும்.

`Bills` ஷீட்டில் முதல் நான்கு பத்திகள் நம்பர், பெயர், தேதி, கெடு. எல்லாம் கையால் அடிப்பவை. அடுத்தது மொத்தம், அதற்கடுத்தது வரவு:

```
=SUMIFS(Lines!E:E,Lines!A:A,A2)
=SUMIFS(Pay!C:C,Pay!B:B,A2)
```

`Pay` ஷீட்டில் முதல் பத்தி தேதி, இரண்டாவது பில் நம்பர், மூன்றாவது தொகை. ஒரு பில்லுக்குப் பணம் மூன்று தவணையில் வந்தால் மூன்று வரி எழுதினால் போதும், ஷீட் கூட்டிக்கொள்ளும். லிப்ரே ஆபீஸில் செய்கிறவர்கள் ஷீட் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி வைக்க வேண்டும். சில அமைப்புகளில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும்.

G பத்தி பாக்கி. H பத்தியில் நிலை: வரைவு, அனுப்பியது, ரத்து. ரத்தான பில்லின் வரியை இப்போது அழிப்பதில்லை, நிலையை மட்டும் மாற்றுகிறேன். பாக்கி ஃபார்முலா அதைப் பார்த்துக்கொள்கிறது:

```
=IF(H2="ரத்து",0,ROUND(E2-F2,2))
```

வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்ட பில்லை இப்படிச் சத்தமில்லாமல் ரத்து செய்துவிட முடியாது. அதற்கு, அந்தத் தொகையைக் கழித்துவிட்டதாக எழுத்தில் சொல்லும் ஒரு கிரெடிட் நோட் அனுப்பிவிட்டு, புது நம்பரில் புது பில் போட வேண்டும்.

இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்தது I பத்திதான். பில்லை பிடிஎஃப் ஆக்கி அனுப்பியதும், பிடிஎஃபைத் திறந்து அதில் இருக்கும் மொத்தத்தைப் பார்த்து இந்தக் கட்டத்தில் கையால் அடிக்கிறேன். ஷீட்டின் மொத்தக் கட்டத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவதில்லை. ஒட்டினால் ஷீட் தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கடுத்த கட்டம் இரண்டையும் ஒப்பிடுகிறது:

```
=IF(I2="","",ROUND(E2-I2,2))
```

இங்கே பூஜ்யம் தவிர எது தெரிந்தாலும் அனுப்பிய பிறகு ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். இந்தப் பத்தி முன்பே இருந்திருந்தால், விலையை மாற்றிய அன்றைக்கே பில் 17க்கு எதிரே 800 என்று காட்டிக்கொடுத்திருக்கும்.

கட்டங்களுக்குப் பூட்டும் போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தப் பூட்டைத் திறந்தவன் மறுபடி பூட்டவே இல்லை. என்னைப் போன்றவர்களுக்குப் பூட்டைவிடக் காட்டிக்கொடுக்கிற கட்டம்தான் உதவும்.

இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. ஐந்தாவதாக ஒரு தனி ஷீட்டில் ஒரே ஒரு கட்டம்:

```
=ROUND(SUM(Pay!C:C)-SUM(Bills!F:F),2)
```

வந்த பணம் எல்லாம் ஏதாவது ஒரு பில்லில் போய்ச் சேர்ந்திருந்தால் இது பூஜ்யம். இல்லாத நம்பருக்கு வரவு எழுதியிருந்தால் இங்கே மிச்சம் நிற்கும். ஒரே நம்பர் இரண்டு பில்லுக்கு விழுந்து, அந்த நம்பரில் வரவு வந்திருந்தால், அந்த வரவு இரண்டு தடவை எண்ணப்பட்டு எதிர்மறை எண் தெரியும். இருக்கிற வேறொரு பில்லுக்கு மாற்றி எழுதிவிட்டால் மட்டும் இது பிடிக்காது. அதற்கு மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஷீட் தயார். இதோடு நிறுத்தியிருந்தால் பாதி சோதனைதான். அதனால் ஒரு பில் சாஃப்ட்வேரையும் எடுத்து, ஒரு மாதம் முழுக்க ஒன்பது பில்லையும் இரண்டிலும் போட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரமும் குறித்தேன். பில் எழுதி, அனுப்பி, பதிந்து முடிக்க ஷீட்டில் சராசரியாக ஏழு நிமிடம் ஆனது. சாஃப்ட்வேரில் மூன்று. அதை மறுக்க முடியாது. நம்பர் தானாக விழுகிறது, பெயரின் இரண்டு எழுத்தை அடித்தால் முகவரி வருகிறது, அங்கிருந்தே மின்னஞ்சலும் போகிறது. கெடு தாண்டினால் நினைவூட்டலும் தானே போகிறது.

அந்தக் கடைசி வசதிதான் என்னைக் காலை வாரியது. ஒருவர் 10,000 அனுப்பினார். இடையில் வங்கிக் கட்டணம் 15 பிடித்துக்கொண்டு 9,985 வந்து சேர்ந்தது. வந்ததை வந்தபடி பதிந்தேன். சாஃப்ட்வேர் கணக்கில் 15 பாக்கி நின்றது. கெடு முடிந்த மறுநாள் காலை "தங்கள் பாக்கி 15" என்று அவருக்குக் கடிதம் போய்விட்டது. அவர் சிரித்துவிட்டு விட்டார், எனக்குத்தான் முகம் வாடியது. பிறகு தேடியதில் வரவு பதியும் இடத்திலேயே வங்கிக் கட்டணத்துக்கென்று தனிக் கட்டம் இருந்தது தெரிந்தது. ஆக, கருவியின் தப்பு இல்லை. ஆனால் ஷீட்டில் என் தப்பு என் மேசையிலேயே கிடக்கும். சாஃப்ட்வேரில் அது வாடிக்கையாளர் வீட்டு வாசல் வரை போய்விட்டது. ஷீட்டில் இதே சிக்கலுக்கு `Pay`இல் 9,985 ஒரு வரி, "வங்கிக் கட்டணம்" என்று 15 இன்னொரு வரி எழுதுகிறேன். பில் நேராகிவிடுகிறது, கட்டணம் எவ்வளவு போனது என்பதும் தெரிகிறது.

தமிழில் பில் போடுபவர்கள் பணம் கட்டும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். திரையில் எழுத்து ஒழுங்காக இருக்கும், பிடிஎஃபில் சிதைந்திருக்கும். நான் பார்த்ததில் "மொத்தம்" என்ற சொல்லில் கொம்பு மகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை அந்த பிடிஎஃப் கருவி செய்யவில்லை என்பதன் அடையாளம் இது, எழுத்துருவை மாற்றினாலும் சரியாகாது. சோதிக்க "கொ", "கை", "கௌ" மூன்றும் வரும்படி ஒரு பொய் பில் போட்டு பிடிஎஃபாக இறக்கிப் பார்த்தால் போதும்.

இன்னொரு சோதனையை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: உள்ளே போன கணக்கு எந்த உருவத்தில் வெளியே வருகிறது? சோதனைக் காலத்திலேயே எல்லாவற்றையும் சிஎஸ்வியாக இறக்கினேன். பில்லுக்கு ஒரு வரி வந்தது, பெயர், தேதி, மொத்தம். உள்ளே இருந்த வேலை விவரங்கள் வரவில்லை. பிடிஎஃப்களை ஒவ்வொன்றாகத்தான் இறக்க முடிந்தது. மூன்று வருடம் கழித்து விலக நினைத்தால் முன்னூறு தடவை அழுத்த வேண்டும். இறக்கிய ஃபைலை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தபோது தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குப்பையாகத் தெரிந்தன. பயப்பட வேண்டியதில்லை. `Data` பட்டியலில் `From Text/CSV` வழியாக எடுத்து, எழுத்துக் குறியீட்டில் `65001: Unicode (UTF-8)` என்று தேர்ந்தால் சரியாக வந்துவிடும்.

மாதம் முடிந்து கணக்குப் பார்த்தேன். பில்லுக்கு நான்கு நிமிடம் மிச்சம், ஒன்பது பில்லுக்கு 36 நிமிடம். அதற்காக மாதாமாதம் சந்தா, வெளியே வர முடியாத கணக்கு, உடைந்த கொம்பு. நான் ஷீட்டிலேயே இருந்துவிட்டேன்.

இதை வைத்து வாடிக்கையாளர் குறைவென்றால் ஷீட் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ண வேண்டியது வாடிக்கையாளர்களை இல்லை. நண்பர் ஒருவர் நான்கே நிறுவனங்களுக்கு வாராவாரம் வகுப்பு எடுக்கிறார். என்னைவிட மூன்று வாடிக்கையாளர் குறைவு. ஆனால் வாரத்துக்கு நான்கு பில், ஒவ்வொன்றுக்கும் பணம் இரண்டு தவணையில் வரும், பாதிக்கு நினைவூட்ட வேண்டும். ஒரு பில்லை அனுப்பிய பிறகு அவர் நான்கைந்து தடவை தொட வேண்டியிருக்கிறது. என் பில்லை நான் பணம் வரும்போது ஒரே ஒரு தடவை தொடுகிறேன். "ஷீட் வச்சிருந்த காலத்துல ஞாயித்துக்கிழமையே இல்லைங்க" என்றார். அவர் சாஃப்ட்வேருக்குப் போனது சரி.

வீட்டில் இன்னொருவரும் பில் போட ஆரம்பித்தால் நானும் போய்விடுவேன். இருவர் ஒரே நேரத்தில் "அடுத்த நம்பர் 42" என்று நினைத்துக்கொள்வதை ஷீட் தடுக்காது. பில் இந்த வடிவில்தான், இந்த வழியாகத்தான் பதிய வேண்டும் என்று வரிச் சட்டம் சொல்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு இந்த யோசனைக்கே இடமில்லை, அங்கே சட்டம் சொல்லும் வழிதான்.

போன வாரம் அந்த ஒற்றைச் சரிபார்ப்புக் கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 2,150 நின்றது. நம்பர்களை இப்போது `B-031` என்ற வடிவில் எழுதுகிறேன். `Pay` ஷீட்டில் அன்று எழுதிய வரியைச் சொடுக்கிப் பார்த்தால் கர்சர் 1க்குப் பக்கத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றது. நம்பருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்திருக்கிறது. அதை அழித்ததும் பூஜ்யம் வந்தது.